அக்கா, தங்கை பிள்ளையைத் தத்தெடுக்கும்போது: ஆணைக்கு முன்னும் பின்னும்

திருமங்கலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பதி. ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. மனைவியின் தங்கையை உசிலம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சாலை விபத்தில் அவர் இறந்துபோனார். தங்கைக்கு இரண்டு பிள்ளைகள். பன்னிரண்டு வயதுப் பையன் அப்பத்தாவிடம் வளர்கிறான், எட்டு வயதுப் பெண் பெரியம்மா வீட்டில். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, மாதம் ஒருமுறை வந்து போகிறார். "எழுதி ரிஜிஸ்தர் பண்ணிட்டா பிள்ளை எங்களோடதுதானே சார்?" என்று கடைக்காரர் கேட்டார். மதுரையில் குடும்ப வழக்குகள் பார்க்கிற எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. விவரங்களைக் கொஞ்சம் மாற்றி, அந்தக் குடும்பத்தை வைத்தே வழியைச் சொல்கிறேன்.

எந்தச் சட்டம்?

எழுதிப் பதிந்தால் போதாது. அவர் கேட்டது இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், 1956 சொல்லும் வழி. அதில் யாரும் ஆணை போடுவதில்லை. பெற்றவர் பிள்ளையைக் கொடுக்க வேண்டும், எடுப்பவர் வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுத்தவரும் எடுத்தவரும் கையெழுத்திட்ட சுவீகாரப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால், தத்து முறைப்படி நடந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், தவறென்று யாராவது நிரூபிக்கும்வரை.

ஆனால் அந்தச் சட்டத்தில் நிபந்தனைகள் உண்டு. மகனோ, மகன் வழிப் பேரனோ உயிரோடு இருக்கும்போது இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது. மகளோ, மகன் வழிப் பேத்தியோ இருந்தால் இன்னொரு மகளை எடுக்க முடியாது. எடுப்பவரும் பிள்ளையும் இந்துவாக இருக்க வேண்டும் (பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம்). வேறு வழக்கம் இல்லாதவரை பிள்ளைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது. கடைக்காரருக்கு ஏற்கெனவே மகள் இருக்கிறாள். தங்கை மகளை இந்தச் சட்டப்படி எடுத்துப் பத்திரம் பதிந்திருந்தால், அந்தத் தத்து செல்லாது. பதிவு செய்ததால் செல்லாதது செல்லுபடி ஆகிவிடாது. இந்த ஓட்டை அன்றைக்கு யார் கண்ணிலும் படாது. இருபது வருஷம் கழித்துச் சொத்துப் பிரிக்கும்போது யாராவது ஒருவர் அதைக் கண்டுபிடிப்பார்.

இவர்களுக்கு இருக்கும் வழி இளைஞர் நீதிச் சட்டம், 2015. அதன் 56-ஆவது பிரிவு, எந்த மதத்தவரானாலும் உறவினர் ஒருவரின் பிள்ளையை இன்னொரு உறவினர் தத்தெடுக்கலாம் என்கிறது. சொந்தப் பிள்ளை இருப்பது இதற்குத் தடையில்லை. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதுவே வழி. முன்பு அவர்கள் 1890-ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டப்படி காப்பாளராக மட்டும் நியமனம் வாங்கிக்கொள்வார்கள். பிள்ளைக்குப் பதினெட்டு ஆனதும் அந்த நியமனம் முடிந்துவிடும், வாரிசு உரிமையும் வராது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தச் சட்டத்தில் 'உறவினர்' என்றால் பிள்ளைக்கு அப்பா வழி அல்லது அம்மா வழி மாமா, சித்தப்பா, பெரியப்பா, அத்தை, சித்தி, பெரியம்மா, அப்புறம் இரு பக்கத்துத் தாத்தா பாட்டி. அவ்வளவுதான். நம் ஊரில் ஒன்றுவிட்ட சித்தப்பாவும் சித்தப்பாதான், பங்காளி வீட்டுப் பெரியப்பாவும் பெரியப்பாதான். சட்டம் அந்தத் தூரத்துக்கு வராது. பெற்றவரோடு கூடப் பிறந்தவரா என்று மட்டும் பாருங்கள். நம் கடைக்காரரின் மனைவி, பிள்ளையின் அம்மாவோடு கூடப் பிறந்தவர். அதனால் சிக்கல் இல்லை.

வயது விதிகளும் பொதுத் தத்தெடுப்புக்கு இருப்பவைதான், உறவினருக்கு அல்ல. கணவன் மனைவி வயதைக் கூட்டிப் பார்ப்பது, கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்பது எதுவும் இவர்களுக்கு இல்லை. ஆனால் இருவரும் சம்மதித்தாக வேண்டும். மனைவி மட்டும் ஆசைப்பட்டு, கணவர் 'பார்ப்போம்' என்று இழுத்தால் மனு நகராது.

மனுவுக்கு முன்னால் முடிக்க வேண்டியது

பெரும்பாலோர் அவசரப்படுவது இங்கேதான். தத்தெடுப்பு ஆணை வந்த பிறகு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாய், தந்தை பெயர்கள் மாறிவிடும். இறந்த தங்கையின் பெயர் அதில் இருக்காது. அதற்கு அப்புறம் 'இந்தப் பிள்ளை இன்னாரின் மகள்' என்று காட்ட வேண்டி வந்தால் அலைச்சல்தான். அதனால் தங்கையின் பெயரால் வர வேண்டிய காகிதங்களை முதலில் வாங்கிவிட வேண்டும்.

முதல் காகிதம் தங்கையின் வாரிசுச் சான்றிதழ். தாசில்தார் கொடுப்பது. கணவர், மகன், மகள் மூவர் பெயரும் அதில் வர வேண்டும். உசிலம்பட்டியில் தங்கை பெயரில் ஒரு சின்ன வீடு இருந்தது, அவருடைய அப்பா செட்டில்மென்டாக எழுதிக்கொடுத்தது. உயில் எழுதாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொத்து கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சம பாகமாகப் போகும். ஆக, வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அந்த எட்டு வயதுப் பெண்ணுக்கு, அம்மா இறந்த அன்றைக்கே சேர்ந்துவிட்டது. தத்துப் போனாலும் அது போகாது. பிள்ளைக்கு ஏற்கெனவே சேர்ந்துவிட்ட சொத்து, அதோடு ஒட்டிய பொறுப்புகளோடு, அவளிடமே நிற்கும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் நிற்கிறது என்று காட்ட வாரிசுச் சான்றிதழ் வேண்டும், பழைய பிறப்புச் சான்றிதழின் சான்றிட்ட நகலும் வேண்டும். பழையதை ஒப்படைப்பதற்கு முன் இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அடுத்தது விபத்து இழப்பீடு. தீர்ப்பாயம் பிள்ளையின் பங்கை வங்கியில் அவள் பெயரில் வைப்பாகப் போட்டிருந்தது. அதுவும் அவளுடையதே. ஆனால் வைப்பில் காப்பாளர் என்று அப்பா பெயர் இருந்தது. ஆணை வந்ததும் அதை மாற்ற வேண்டும் என்று தனியாகக் குறித்துவைத்தோம். வழக்கு இன்னும் முடியாமல் நிலுவையில் இருந்தால், தத்துக்கு மனுப் போடும் முன் அந்த வழக்கைப் பார்க்கும் வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது ஒரு பேச்சு. ஆணைக்குப் பிறகு அப்பா உயில் எழுதாமல் இறந்தால் இந்தப் பெண் அவருக்கு வாரிசு இல்லை. அண்ணனுக்கு உண்டு, இவளுக்கு இல்லை. அப்பா இதைத் தெரிந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். மகளுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் உயிலோ செட்டில்மென்டோ எழுதிவைக்கலாம். எழுதுவதற்குச் சட்டத்தில் தடை இல்லை. இந்த அப்பாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கிட்ட எழுதுறதுக்கு என்ன சார் இருக்கு, பைக்குதான்" என்றார். பூர்வீக நிலம் இருக்கும் குடும்பமாக இருந்தால் விஷயம் இவ்வளவு லேசாக இருக்காது. பிறக்கும்போதே வந்த பங்கா, இல்லையா என்ற கேள்வி வரும். அப்படி இருந்தால் பத்திரங்களை எடுத்துக்கொண்டு ஒரு சிவில் வக்கீலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மனு போகும் பாதை

2022 செப்டம்பர் 1 முதல் தத்தெடுப்பு ஆணை போடுவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். அதற்கு முன் எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டு நேராகக் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மனு ஆட்சியரிடம் போவது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக. முதலில் அந்த அலகுக்குப் போய், உறவினர் தத்தெடுப்பு என்று சொல்லி, என்னென்ன வேண்டும் என்ற பட்டியலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை ஒரு மாவட்டத்திலும் நீங்கள் இன்னொரு மாவட்டத்திலும் இருந்தால், எந்த அலகில் மனு என்பதை அன்றைக்கே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் CARINGS இணையதளத்தில் பதிய வேண்டும். அங்கே உறவினர் தத்தெடுப்புக்குத் தனிப் பிரிவு உண்டு. பொதுப் பிரிவில் பதிந்துவிட்டால், யாரென்றே தெரியாத குழந்தைக்காகக் காத்திருக்கும் பெரிய வரிசையில் உங்கள் பெயரும் போய் நிற்கும். பக்கத்து நெட் சென்டரில் போடச் சொன்னால் இந்தத் தவறு நடக்க வாய்ப்பு அதிகம், கூடவே இருந்து பாருங்கள்.

காகிதங்களில் நான்கு முக்கியம். பெற்றவரின் சம்மதக் கடிதம், பிள்ளையின் சம்மதம், உறவைக் காட்டும் ஆதாரம், உறவையும் வருமானத்தையும் குடும்ப நிலையையும் பற்றி எடுப்பவர்கள் தரும் உறுதிமொழிப் பத்திரம். இருப்பிடச் சான்று, புகைப்படம், பிள்ளையின் பிறப்புச் சான்று எல்லாம் இவற்றோடு சேரும்.

சம்மதக் கடிதம் தாய், தந்தை இருவரும் கொடுக்க வேண்டியது. ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழை இணைத்து மற்றவர் கொடுக்கலாம். திருப்பூரிலிருந்து அப்பா லீவு போட்டு வந்து, சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டார். இருவருமே இறந்துவிட்டால் பாட்டி கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. காப்பாளராக இருப்பவர் குழந்தைகள் நலக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். அதற்குத் தனியாக நாள் பிடிக்கும், முதலிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

உறவைக் காட்டுவதில்தான் இந்த மனு மாட்டிக்கொண்டது. அக்காவும் தங்கையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று காட்ட வேண்டும். இருவருக்கும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, வீட்டில் பிறந்தவர்கள். அக்காவின் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, தங்கையின் வாக்காளர் அட்டையில் அவரது கணவர் பெயர்தான் இருந்தது. கடைசியில் கைகொடுத்தது அவர்களின் அப்பா இறந்தபோது வாங்கிய வாரிசுச் சான்றிதழ். அதில் மனைவி, இரண்டு மகள்கள், ஒரு மகன் என்று நால்வரும் ஒரே தாளில் இருந்தார்கள். தாசில்தார் கையெழுத்துள்ள அந்த ஒரு தாளுக்கு முன்னால் வேறெதுவும் நிற்காது. உங்கள் வீட்டில் தாத்தா அல்லது பாட்டிக்கு அப்படி ஒன்று இருக்கிறதா என்று பீரோவில் தேடிப் பாருங்கள். பெயர் மட்டும் மாறியிருந்தது, சான்றிதழில் முழுப்பெயர், ஆதாரில் கூப்பிடும் பெயர். இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் ஒரு உறுதிமொழி எழுதிச் சேர்த்தோம்.

பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டால் அவளுடைய சம்மதமும் வேண்டும். இதைச் சடங்காக நினைக்காதீர்கள். அலகில் பெரியவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசினார்கள். சொல்லிக்கொடுத்த பதிலை ஒப்பித்தால் அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். இவள் பதிலே சொல்லவில்லை, திருப்பிக் கேட்டாளாம்: "அப்பா இப்ப மாதிரியே வருவாரா? நான் பெரியம்மாவ அம்மான்னு கூப்பிடணுமா?" அப்பா வரலாம், எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று சொன்ன பிறகுதான் சரி என்றிருக்கிறாள். வீட்டில் யாரும் அதுவரை அவளிடம் இதைச் சொல்லவில்லை. நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளையைக் கொடுப்பதற்கோ எடுப்பதற்கோ பணமோ பொருளோ கைமாறக் கூடாது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஆட்சியர் திருப்தியடைந்த பிறகே ஆணை போட வேண்டும் என்பது 61-ஆவது பிரிவு. தங்கை கல்யாணக் கடனில் பாக்கியை மச்சினர் தள்ளுபடி செய்துவிட்டார், அதே மாதம் சம்மதக் கடிதம் கையெழுத்தானது என்று இருந்தால், விசாரணையில் அது கேள்வியாகும். கடன் கணக்கைத் தனியாக, வேறு நேரத்தில் முடியுங்கள்.

விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடக்காது. மனு தாக்கலானதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அலகு காகிதங்களைச் சரிபார்த்து முழுமை என்று சொல்லும்வரை கழியும் நாட்களும் உண்டு, அது உங்கள் ஃபைலைப் பொறுத்தது. ஆணையில் யாருக்காவது குறை இருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஆணை கையில் வந்ததும், அந்த இடத்தை விட்டு நகருவதற்கு முன், பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தத்தெடுத்த இருவர் பெயரின் எழுத்து ஆகியவற்றை ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதில் ஓர் எழுத்துப் பிசகினால் அந்தப் பிசகு அடுத்து வாங்கும் எல்லாக் காகிதத்துக்கும் போகும். சான்றிட்ட நகல்கள் இரண்டு மூன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆணை எதை மாற்றுகிறது?

ஆணை நடைமுறைக்கு வரும் தேதியிலிருந்து, பிள்ளை இந்தத் தம்பதிக்கே பிறந்தவள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறந்த குடும்பத்தோடு உள்ள சட்ட உறவு அறுந்துவிடும். கடைக்காரர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய அம்மா அப்போது உயிரோடு இல்லாவிட்டால், அவர் சொத்து மனைவி, பெற்ற மகள், தத்து மகள் என மூன்று சம பங்காகும். பெற்ற மகளுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கிடையாது. அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கும் இது தெரிய வேண்டும் என்று நான் சொன்னேன், பெற்றோர் அவசியமில்லை என்றார்கள். இன்னமும் அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

காப்பாளர் பொறுப்பும் மாறுகிறது. பள்ளிக் கையெழுத்து, ஆபரேஷன் சம்மதம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் இனி இவர்கள்தான் பெற்றோர். ஆனால் அந்த உசிலம்பட்டி வீட்டில் பிள்ளைக்குள்ள பங்கை விற்க வேண்டுமென்றால் அவர்களாலும் தாங்களாகவே முடியாது. மைனரின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி முன்கூட்டியே வேண்டும். "நானே அப்பா ஆகிட்டேன்ல, நான் கையெழுத்துப் போடுறேன்" என்று போட்ட கிரயத்தைப் பிள்ளை பெரியவளானதும் ரத்து செய்யக் கேட்கலாம்.

கல்யாண முறையும் மாறலாம். இங்கே பெரியம்மா எடுத்திருப்பதால் பெரிதாக மாற்றமில்லை, அந்த இரண்டு பெண்களும் முன்பும் அக்கா தங்கைதான். ஆனால் தாய்மாமன் தன் அக்காள் மகளைத் தத்தெடுத்தால்? மாமன் மகன் அவளுக்கு முறைப்பையனாக இருந்தவன். ஆணைக்குப் பிறகு அண்ணன் அல்லது தம்பி. இந்து திருமணச் சட்டம் தடை செய்யப்பட்ட உறவைக் கணக்கிடும்போது தத்து உறவையும் ரத்த உறவோடு சேர்த்தே பார்க்கிறது. 'பிற்பாடு நம்ம பையனுக்கே கட்டிக்கலாம்' என்ற எண்ணம் மனதில் ஓர் ஓரத்தில் இருக்கிற மாமன், தத்தெடுக்கக் கூடாது. வளர்க்கட்டும், படிக்க வைக்கட்டும்.

அப்பா வந்து பார்ப்பதையோ, அண்ணனோடு பிள்ளை திருவிழாவுக்குப் போவதையோ ஆணை தடுக்கவில்லை. உரிமையாகக் கேட்க முடியாது, அவ்வளவுதான். இனி அது தத்தெடுத்தவர்களின் மனதைப் பொறுத்தது.

ஆணைக்குப் பிறகு காகித வரிசை

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பிறப்புச் சான்றிதழ். பிறப்பு எங்கே பதிவானதோ அந்தப் பதிவாளரிடம் ஆணையின் நகலோடு விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பிறந்திருந்தால் உசிலம்பட்டியில் போய்க் கேட்பதில் பயனில்லை. தத்தெடுத்தவர்கள் பெயரைத் தாய், தந்தையாகப் போட்டுப் புதுச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து ஆதார், அப்புறம் ரேஷன் கார்டு, அதன் பிறகு பள்ளி.

பள்ளியில் இனிஷியலைக் கவனியுங்கள். பழைய அப்பாவின் இனிஷியலோடு பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வந்துவிட்டால் திருத்துவது பெரும்பாடு. எட்டு வயதில் சேர்க்கைப் பதிவேட்டிலும் எமிஸ் பதிவிலும் மாற்றுவது எளிது. கடைசியாக வங்கி: விபத்து இழப்பீட்டு வைப்பில் காப்பாளர் பெயர் மாற்றம். தீர்ப்பாயத்தின் உத்தரவில் போட்ட வைப்பு என்பதால் வங்கி மேலாளர் தீர்ப்பாயத்திடமிருந்து உத்தரவு கேட்கலாம். கேட்டால் வாக்குவாதம் செய்யாமல், அந்த விபத்து வழக்கைப் பார்த்த வக்கீல் வழியாகவே ஒரு சிறு மனுப் போட்டுவிடுங்கள்.